பாட்டிலுக்கு ஒன்பது ரூபாய்

கூட்டாளியை ஏமாற்றுவதற்குப் பணத்தைத் திருட வேண்டியதில்லை. கணக்குத் தாளில் ஒரு வரியை உண்மையாகவே எழுதி, அதைத் தப்பான இடத்தில் வைத்தால் போதும். நான் அதைத்தான் செய்தேன். 2023 பங்குனியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து மாம்பழ பானம் போடுவதென்று நானும் என் பள்ளிக்கூடத்து நண்பனும் முடிவு செய்திருந்தோம். அவன் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்கு நான் ஏற்கெனவே செய்தது போதும்.

என்ன போடுவது என்பதில் சண்டை வரவில்லை. எத்தனை ரூபாய்க்கு விற்பது என்பதில்தான் வந்தது. இருநூறு மில்லி, இருபது ரூபாய், கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி மறுபடியும் நிரப்புவது என்று அவன் சொன்னான். கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் ஊர் ஊராக இன்னும் உயிரோடு இருப்பது அந்த வழியில்தான். இருநூற்றைம்பது மில்லி, அறுபது ரூபாய், ஒருதடவை பாட்டில், பட்டுச் சேலையின் கரை மாதிரி லேபிள் என்று நான் சொன்னேன்.

"அறுபதா? யாருடா குடிப்பான்?"

"ஊருக்கு வர்றவன் குடிப்பான். கல்யாணச் சேலை எடுக்க வர்றவன் லட்ச ரூபாய் பில் போடறான். அவனுக்கு அறுபது ரூபாய் ஒரு காசா?"

"சேலை எடுக்கறவன் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றான் மச்சான். நம்ம தெருவுல தறி போடறவன் தினமும் ரெண்டு டீ குடிக்கறான். நான் அவனப் பத்திப் பேசறேன்."

"அவனுக்கு விக்கணும்னா சர்க்கரைத் தண்ணிதான் விக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் முதல் பொய். விலை குறைந்தால் பழம் குறையும், பழம் நிறைய வேண்டுமென்றால் விலை ஏறியே தீரும் என்று அவனை நம்ப வைத்தேன். விவரம் இதுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி மாம்பழ பானத்தில் பழச்சத்து குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு 'ஜூஸ்' என்று பெயர் வைக்க முடியாது, 'பழ பானம்' என்றுதான் போட வேண்டும். அவன் திட்டத்தில் 12 சதவீதம் கூழ், அதாவது பாட்டிலுக்கு 24 கிராம். என் திட்டத்தில் 18 சதவீதம், 45 கிராம். இரண்டுக்கும் கூழ் ஒரே இடத்திலிருந்துதான் வரப்போகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலையில் டின்னில் அடைத்த பெங்களூரா மாங்கூழ். எங்களுக்குக் கிடைத்த விலையில் கிலோ அறுபது ரூபாய். ஆக, அவன் பாட்டிலில் பழம் ஒன்றரை ரூபாய்க்கு இருந்தது, என்னுடையதில் இரண்டே முக்கால் ரூபாய்க்குள். ஒன்றேகால் ரூபாய் கூடுதல் பழத்துக்காக நான் நாற்பது ரூபாய் கூடுதல் விலை கேட்டேன். மீதியெல்லாம் கண்ணாடி, அட்டை, மை, இடைத்தரகு. தரம் என்ற சொல்லை அந்த வாரம் முழுக்க நான்தான் அதிகம் சொன்னேன்.

லேபிளில் ஏகாம்பரநாதர் கோவில் மாமரத்தைப் போட வேண்டும் என்றும் நான் ஒற்றைக்காலில் நின்றேன். தல விருட்சம், நான்கு கிளைகளில் நான்கு சுவை என்று ஊருக்கே தெரிந்த கதை. கதையோடு விற்றால் அறுபது கிடைக்கும் என்பது என் வாதம்.

"அந்த மரத்துக்கும் நம்ம டின்னுக்கும் என்னடா சம்பந்தம்? கிருஷ்ணகிரில காச்ச பழம்."

"படம்தானே போடறோம். அந்த மரத்துப் பழம்னா சொல்றோம்?"

"பாக்கறவன் அப்படித்தானே நெனப்பான்?"

"நெனச்சுக்கட்டும்."

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்கள் ஊர்க்காரன் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டான். "ஜரிகையச் சுரண்டிப் பாத்தா உள்ள செவப்பு நூல் வரணும். வரலைன்னா அது போலி. உன் பாட்டிலச் சுரண்டினா என்ன வரும்?" அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல் இருக்கும், அதன் மேல்தான் வெள்ளி சுற்றியிருக்கும். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதன் வெளியூர் உதாரணத்துக்குப் போவான். நானும் போனேன்.

பேப்பர் போட் கதையைச் சொன்னேன். 2013-இல் ஹெக்டர் பெவரேஜஸ் என்ற கம்பெனி ஆம் பன்னாவையும் ஜல்ஜீராவையும் அழகான பையில் அடைத்து முப்பது ரூபாய்க்கு விற்றது. மற்ற பழ பானங்கள் அதில் பாதி விலைக்குக் கிடைத்த காலம். பழைய ஞாபகத்தை விற்றார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். "நாமும் ஞாபகத்தை விற்கலாம்" என்றேன். அவன் முகத்தில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது.

கதையின் மீதி எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அதே கம்பெனி அதற்கு முன்னால் டிஸிங்கா என்ற சக்திப் பானத்தை, வெளிநாட்டுச் சரக்கை விட மிகக் குறைந்த விலையில், இருபது ரூபாய்க்குப் போட்டுப் பார்த்திருந்தது. பின்னால் அதே பேப்பர் போட், ஸ்விங் என்று பத்து ரூபாய்ப் பையும் இறக்கியது. விலை உயர்ந்ததா மலிந்ததா என்பதை அவர்களே ஒருமுறை தீர்த்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மும்பையின் ரா பிரஸ்ஸரியையும் நான் சொல்லவில்லை. சூடேற்றாமல் உயர் அழுத்தத்தில் கிருமி நீக்கிய சாறு, நல்ல சரக்கு, நல்ல பெயர், பெரிய முதலீட்டாளர்கள் எல்லாம் இருந்தும் 2021-இல் விங்கிரீன்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். எனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொன்னேன்.

அவன் பக்கமும் ஒரு உதாரணம் வந்தது. அந்த மார்ச்சில்தான் ரிலையன்ஸ், கேம்பா கோலாவை மறுபடி இறக்கி இருநூறு மில்லி பத்து ரூபாய் என்று விலை போட்டது. "பாரு, அவ்வளவு பெரிய ஆளே பத்து ரூபாய்க்கு வர்றான்" என்றான். இதற்கு நான் சொன்ன பதில் நியாயமானது. பாட்டிலைத் தானே ஊதிக்கொள்பவன், சர்க்கரையை லாரிக் கணக்கில் எடுப்பவன், நாடு முழுக்கத் தன் கடைகளே வைத்திருப்பவன் பத்து ரூபாய்க்கு விற்கலாம். நாம் அவனோடு விலையில் மோதினால் ஒரு கோடை தாங்க மாட்டோம். இதில் நான் இன்றும் பின்வாங்கவில்லை. ஆனால் அவன் கேட்டது பத்து ரூபாய் அல்ல, இருபது. லாரியில் வரும் பாட்டிலோடு மோதப்போவதும் அல்ல. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரைக்கும், ஒரு டாடா ஏஸ் காலையில் கொடுத்துவிட்டு மறுநாள் காலிப் பாட்டிலை எடுத்து வரும் தூரத்துக்குள், டிபன் கடை, கல்யாண மண்டபம், பெட்டிக்கடை. அவன் திட்டத்தைப் பத்து ரூபாய்த் திட்டமாக ஆக்கி, அதைத் தோற்கடித்தேன்.

அப்போதும் அவன் விடவில்லை. "சரி, ரெண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டு. எது நிக்குதோ அதச் செய்வோம்" என்றான். நான் பி.காம். அவன் டிப்ளமா மெக்கானிக். பாய்லரும் நிரப்பும் மெஷினும் அவன் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு என்பது எங்களுக்குள் பேசாமலே ஆன பங்கீடு.

அன்றிரவு நான் போட்ட தாளை இப்போது அப்படியே சொல்கிறேன்.

இருபது ரூபாய்ப் பாட்டிலில் கடைக்காரருக்கு நாலு ரூபாய். மீதி பதினாறில் ஜிஎஸ்டி உள்ளடக்கம். அப்போது 12 சதவீதம் (2025 செப்டம்பரில்தான் 5 ஆனது). அதைக் கழித்தால் கைக்கு வருவது 14 ரூபாய் 30 காசு. உள்ளே போகும் சரக்கு, மூடியோடு சேர்த்து மூன்று ரூபாய். கூலி, மின்சாரம், எரிவாயு மூன்று. வண்டி இரண்டு. பாட்டில் கழுவுவது, கிரேட் தேய்மானம் ஒன்று. ஆக ஒன்பது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினேன்: பாட்டில், ஒன்பது ரூபாய். மொத்தம் பதினெட்டு. பாட்டிலுக்கு நாலு ரூபாய் நெருக்கி நட்டம்.

பாட்டில் வாங்கும் விலை ஒன்பது ரூபாய் என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும் பாட்டிலின் விலையை ஒரே நிரப்பலின் மேல் ஏற்றக்கூடாது. அது எத்தனை சுற்று வருமோ அத்தனையால் வகுக்க வேண்டும். உடைவதும், தொலைவதும், கடைக்காரர் வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்ததால் வாடை ஏறிக் கழித்துப் போடுவதும் போக, பதினைந்து சுற்று வரும். பதினைந்தால் வகுத்தால் அறுபது காசு. அந்த ஓர் எண்ணை மாற்றினால் நாலு ரூபாய் நட்டம் நாலரை ரூபாய்க்கு மேல் மிச்சமாக மாறுகிறது.

பதினைந்து சுற்று என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் மூன்று தலைமுறையாக சோடா போடும் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டிருந்தேன். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போடுவது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது, கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுவது, மோந்து பார்ப்பது எல்லாம் காட்டினார். சூடான பானத்தை நிரப்புவதாக இருந்தால் பாட்டிலையும் முன்னாலேயே சூடாக்கி வை, இல்லாவிட்டால் அடி கழன்றுவிடும் என்று சொன்னதும் அவர்தான். எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, தாளில் ஒன்பது என்று எழுதினேன். கை தவறி எழுதியதாகப் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். கை தவறவில்லை.

அறுபது ரூபாய்த் தாளில் எதிர்ப்பக்க வேலையைச் செய்தேன். விநியோகஸ்தருக்கும் கடைக்குமாக 35 சதவீதம் போனால் 39 ரூபாய். வரி போக 34 ரூபாய் 80 காசு. பாட்டில் 11, மூடி 2, லேபிள் 2, சரக்கு 5, அட்டைப்பெட்டி 2, கூலி மின்சாரம் 3, ஆக 25. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சுளையாக மிஞ்சுகிறது. இங்கே ஒரு வரியை எழுதவில்லை: திரும்பி வரும் சரக்கு. புதிய பிராண்டைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்க மாட்டார். வைத்துவிட்டுப் போ, விற்றால் பணம் என்பார். தேதி முடிந்தது, வெயிலில் நிறம் மாறியது, லேபிள் ஈரத்தில் உரிந்தது எல்லாம் நம் தலையில். பத்துப் பாட்டிலில் மூன்று திரும்பினால் என்னாகும்? ஏழு பாட்டிலுக்கு வரவு 243 ரூபாய், பத்துப் பாட்டில் போட்ட செலவு 250. பத்து ரூபாய் லாபம் காட்டிய தாள் அந்த ஒரு வரியில் நட்டத்துக்குப் போகிறது.

காலையில் இரண்டு தாளையும் அவன் முன் வைத்தேன். கடைசி வரியை மட்டும் பார்த்தான். "சரி மச்சான், கணக்கு சொல்றதுதான்" என்றான். அவன் மனைவியின் நகை அடகுக்குப் போனது அந்த வாரத்தில்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பணத்தாசை என்று சொல்லத் தோன்றும். அது கௌரவமான காரணம். உண்மையில் எனக்கு வெட்கம். என் சித்தப்பா காந்தி ரோட்டில் பட்டு வியாபாரம் செய்தவர். கல்யாண வீடுகளில் "தம்பி என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், கிரேட்டில் இருபது ரூபாய்ப் பாட்டில் அடுக்கிக் காலிப் பாட்டில் பொறுக்குகிறான் என்று சொல்லவேண்டி வருமே என்ற வெட்கம். அறுபது ரூபாய் விலை வாடிக்கையாளருக்கானதல்ல, என் சித்தப்பாவுக்கானது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. என் திட்டத்தின் அச்சாணியே பட்டுக் கடைகள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடுமாகப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தால் கடையில் ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள் அல்லவா, அது நம் பாட்டிலாக இருக்க வேண்டும் என்பது என் கனவு. சண்டையின்போதே அவன் கேட்டான்: "குடிக்கறவன் காசு குடுக்கலியேடா. கடைக்காரன் குடுக்கறான். பதினஞ்சு பேருக்குத் தொள்ளாயிரம் ரூபாய் குடுப்பானா?" நான் கேட்கவில்லை. முதல் மாதிரிப் பெட்டியோடு போன கடையில் மேலாளர் விலையைக் கேட்கவே இல்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "மாம்பழமா? ஒரு சொட்டு பட்டு மேல விழுந்தா அந்தச் சேலைய நீங்க எடுத்துக்குவீங்களா சார்?" என்றார். நிறமில்லாத எதையாவது கொண்டுவாருங்கள், அதுவும் மூடி போட்ட கப்பில் ஊற்றித்தான் கொடுப்போம் என்றார். பட்டு ஊரில் பிறந்து, பட்டுக் கரையை லேபிளில் போட்டு, மஞ்சள் கறை ஏறும் பானத்தைப் பட்டுக் கடைக்கு விற்கப் போயிருந்தேன். வெளியே நின்றிருந்தவனிடம் "யோசிச்சுச் சொல்றேன்னாங்க" என்றேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கடைகளில் குளிர்பெட்டி தகராறு. பெட்டியைப் பெரிய கம்பெனி இலவசமாக வைத்திருக்கும், அதில் வேறு பாட்டில் வைக்கக்கூடாது. நம் பாட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கும். ஒரு கடைக்காரம்மா எனக்குப் பொறுமையாகவே விளக்கினார். "உன் பாட்டில்ல எனக்குப் பதினஞ்சு ரூபா நிக்குது தம்பி, சரி. நாளைக்கு ஒண்ணு போவுது. அந்த எடத்துல இருபது ரூபா ஐட்டம் வச்சா எனக்கு நாலு ரூபாதான், ஆனா பன்னண்டு போவும்." பதினைந்தும் நாற்பத்தெட்டும். கடைக்காரர் பாட்டிலுக்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, அந்த ஒரு முழ இடம் நாளுக்கு எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கிறார். என் நண்பன் இதைச் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்றபோது நாங்களும் மேசை போட்டோம். பத்தடி தள்ளி தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழையோடு கூடத்தைப் பூட்டினோம். நட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

போன வருஷம்தான் அவனிடம் சொன்னேன். பழைய தாளை எடுத்துப் போய், ஒன்பது என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, அதை அறுபது காசாக மாற்றிக் காட்டினேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பேனாவை வாங்கித் தானே கணக்குப் போட ஆரம்பித்தான். நாளைக்கு எண்ணூறு பாட்டில், பாட்டிலுக்கு நாலரை ரூபாய், அதில் வாடகை, வங்கித் தவணை. பாட்டில் கடைகளில் சிக்கிக் கிடக்குமே, எத்தனை வேண்டும்? குறைந்தது பத்தாயிரம். அதற்கே தொண்ணூறாயிரம் முதல். பெட்டிக்கடைக்காரர் பாட்டிலுக்கு டெபாசிட் கொடுப்பாரா? மழை மாதங்களில் எண்ணூறு முந்நூறாகுமே, அப்போது கூலிக்கு எங்கே போவது?

"இதுவும் கஷ்டம்தான் மச்சான்," என்றான் கடைசியில். "ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். அப்புறம் தெரியாது."

"ஆமா."

"ஆனா இந்தக் கணக்க நீ அன்னிக்கே காட்டியிருந்தா நான் நகைய வச்சிருக்க மாட்டேன். டாடா ஏஸ் மட்டும் தவணையில எடுத்து, சோடாக்காரர்கிட்டயே கூலிக்குப் போட்டுத் தரச் சொல்லிப் பாத்திருப்பேன்."

இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. சண்டை முழுக்க இருபதா அறுபதா என்று கத்திக்கொண்டிருந்த இருவரில் ஒருவன், ஆலையே இல்லாமல் ஆரம்பிக்கலாம் என்ற யோசனையைக் கையில் வைத்திருந்திருக்கிறான். நட்டம் என்ற கடைசி வரியைப் பார்த்ததும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டான்.

தாளை மடித்து என்னிடம் கொடுத்தான். "நட்டத்தப் பாதிப் பாதின்னு பிரிச்சமே, அதையும் திருத்திப் போட்டுக் கொண்டா" என்றான். திருத்திப் போட்டேன். நகை வட்டி முழுவதும் என் பக்கம், நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு என் பக்கம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவன் விரல் வைத்துப் படித்தான், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டான், ஒரு கூட்டலில் நான் விட்டிருந்த நூறு ரூபாயைக் கண்டுபிடித்தான். மாதா மாதம் ஐந்தாம் தேதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.